பென்சிலால் ஓடும் நிரல்

450, 700, 600, 700, 1200, 800. சந்தையில் ஆறு நாள் மல்லிகைப்பூ கிலோ என்ன விலைக்குப் போனது என்று ஒரு பூக்கடைக்காரர் குறித்து வைத்த பட்டியல் இது என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆறில் எது அதிகம்? கேள்வி முடிவதற்குள் 1200 என்று சொல்லிவிடுவீர்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அடுத்துக் கேட்டால்தான் பேச்சு தடைபடும். "பார்த்தாலே தெரியுதே" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். உண்மைதான். நான்கு இலக்க எண் அதில் ஒன்றே ஒன்றுதான். கண் நேராக அங்கே போய் நின்றுவிடுகிறது.

கணினிக்கு அந்தக் கண் கிடையாது. ஆறு எண்களையும் ஒரே பார்வையில் அளக்க அதற்குத் தெரியாது. ஒரு நேரத்தில் இரண்டு எண்களை எடுத்து வைத்துக்கொண்டு, இது அதைவிடப் பெரியதா என்று பார்க்கும், அவ்வளவுதான். அதனால் அதற்கு வேலையைப் பிட்டுப் பிட்டு வைக்க வேண்டும். முதல் விலையை 'இதுவரை பார்த்ததில் பெரியது' என்று குறித்துக்கொள். இரண்டாவது விலையை எடு. குறித்து வைத்ததைவிட அது பெரியதென்றால், பழையதை அழித்துவிட்டு இதை எழுது. இல்லையென்றால் அப்படியே விடு. மூன்றாவதை எடு. பட்டியல் தீரும்வரை இதே வேலை. பைத்தான் மொழியில் இதை எழுதினால் இப்படி வரும்:

```
price = [450, 700, 600, 700, 1200, 800]
big = price[0]
i = 1
while i < 6:
    if price[i] > big:
        big = price[i]
    i = i + 1
print(big)
```

நிரலே பார்த்திராதவர்களும் இதைப் படித்துவிடலாம். `price` என்பது விலைப் பட்டியல். பைத்தானில் பட்டியலின் இடங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எனவே முதல் நாள் விலை `price[0]`, ஆறாம் நாள் விலை `price[5]`. இதுவரை பார்த்ததில் பெரியது `big` என்ற மாறியில் இருக்கிறது. இப்போது எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பதை `i` சொல்கிறது. `while` என்று தொடங்கும் வரியில் உள்ள நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை, அதன் கீழே உள்தள்ளி எழுதிய வரிகள் திரும்பத் திரும்ப நடக்கும். இதைத்தான் லூப் என்கிறோம்.

இந்த நிரலைக் கணினியில் ஏற்றாமல், நாமே கணினியாக இருந்து, வரி வரியாகச் செய்து பார்ப்பதற்குப் பெயர் டிரை ரன். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போகும் கட்டம் போட்ட தாள்தான் டிரை ரன் அட்டவணை. துளையிட்ட அட்டைகளில் நிரல் எழுதிய காலத்தில் இதற்குக் கட்டாயமே இருந்தது. அட்டைக்கட்டை இயக்குநரிடம் கொடுத்துவிட்டு, முடிவு அச்சாகி வரப் பல மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரு சின்னத் தவறு இருந்தாலும் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் கொடுப்பதற்கு முன்பே மேசையில் உட்கார்ந்து பென்சிலால் ஓட்டிப் பார்த்துவிடுவார்கள். இன்று ஒரு பொத்தானைத் தட்டினால் நொடியில் விடை வருகிறது. பிறகு இந்தத் தாளும் பென்சிலும் எதற்கு என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அட்டவணையை ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டு அதற்கு வருவோம்.

தாளில் ஐந்து பத்திகள் வேண்டும். இடமிருந்து வலமாக: `i`, லூப்பின் நிபந்தனை, இப்போது பார்க்கும் விலை, ஒப்பீடு, கடைசியில் `big`. இந்த வரிசையை மாற்றக்கூடாது, ஏனென்றால் நிரலில் வேலை நடக்கும் வரிசையும் இதுதான். ஒப்பிட்ட பிறகுதான் `big` மாறும். எனவே ஒப்பீட்டுப் பத்தி `big` பத்திக்கு இடப்பக்கம் இருக்க வேண்டும். இன்னொரு வழக்கத்தையும் நான் வற்புறுத்துவேன். `big` மாறினால் மட்டும் அந்தக் கட்டத்தில் எழுத வேண்டும். மாறாவிட்டால் வெற்றாக விட வேண்டும். இப்போதைய மதிப்பு என்ன என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பத்தியில் மேலே போய், கடைசியாக எழுதியதைப் பார்த்தால் போதும்.

லூப்புக்கு முன்பே `big = price[0]` நடந்துவிடுகிறது. ஆகவே முதல் வரிசையில் `big` பத்தியில் 450 என்று எழுதுகிறோம். அடுத்து `i` 1 ஆகிறது. 1 என்பது 6-ஐவிடக் குறைவா? ஆம். `price[1]` என்ன? 700. 700 > 450? ஆம். அப்படியானால் `big` பத்தியில் 700. பிறகு `i` ஒன்று கூடி 2 ஆகிறது; அடுத்த வரிசைக்கு இறங்குகிறோம். இப்படியே போனால் தாள் இப்படி நிரம்பும்:

| `i` | `i < 6` | `price[i]` | `price[i] > big` | `big` |
|---|---|---|---|---|
| | | | | 450 |
| 1 | ஆம் | 700 | 700 > 450, ஆம் | 700 |
| 2 | ஆம் | 600 | 600 > 700, இல்லை | |
| 3 | ஆம் | 700 | 700 > 700, இல்லை | |
| 4 | ஆம் | 1200 | 1200 > 700, ஆம் | 1200 |
| 5 | ஆம் | 800 | 800 > 1200, இல்லை | |
| 6 | இல்லை | | | |

கடைசி வரி `big`-இல் இருப்பதை அச்சிடுகிறது: 1200.

எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் புதிதாகக் கற்பவர்களிடம் இதே நிரலைக் கொடுத்து அட்டவணை போடச் சொன்னால், சிலர் தாளில் `big` பத்தியில் முதல் வரிசையிலேயே 1200 இருக்கும். ஏன் என்று கேட்டால், "பெரியது அதுதானே சார்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் நிரல் இன்னும் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. விடை முன்பே தெரிந்துவிட்டதால் கை தானாக அதை எழுதிவிடுகிறது. பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்கை டிரை ரன்னுக்கு எடுத்துக்கொள்வதில் இருக்கும் சிக்கலும் இதுதான், பயனும் இதுதான். தெரிந்ததைத் தள்ளி வைத்துவிட்டு, எழுதியிருப்பதை மட்டும் செய்யும் பழக்கத்தை இதைவிட நேரடியாகச் சோதிக்கும் பயிற்சி வேறு இல்லை.

இதற்கு நல்ல மருந்து ஒரு தபால் அட்டை. அதில் ஒரு எண் மட்டும் தெரியும் அளவுக்குச் சின்னச் சதுரமாக ஓட்டை போட்டு, விலைப் பட்டியலின் மேல் வைத்துவிட வேண்டும். `i` ஒன்று கூடும்போது அட்டையை ஓர் இடம் நகர்த்தலாம். வேறு எப்போதும் நகர்த்தக்கூடாது. ஓட்டை வழியாக 600 தெரிகிறது; தாளில் கடைசியாக எழுதிய `big` 700. உங்களிடம் இருப்பது இந்த இரண்டு எண்கள் மட்டுமே. பின்னால் 1200 வரப்போகிறது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. கணினியின் நிலைமையும் இதுதான் என்பது இப்போது சொல்லாமலே விளங்கும்.

நான்காவது வரிசையில் இன்னொரு தடுமாற்றம் வரும். இரண்டுமே 700. 700 > 700 என்றால் ஆமா, இல்லையா? சமமாக இருப்பது பெரியதாக இருப்பது ஆகாது; எனவே இல்லை. நிரலில் `>` இருந்த இடத்தில் `>=` இருந்தால் பதில் ஆம் என்றாகி, `big`-இல் 700-ஐயே மறுபடி எழுதியிருப்போம். கடைசி விடை மாறாது. ஆனால் அதிகபட்ச விலை எத்தனை, அது எந்த நாளில் என்று இரண்டையும் கேட்டிருந்தால், விடையே மாறிவிடும். ஒரே உச்ச விலை இரண்டு நாள் வந்திருந்தால் `>` முதல் நாளைச் சொல்லும். `>=` கடைசி நாளைச் சொல்லும். எது வேண்டும் என்று கேட்டவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடைசி வரிசையைப் பலர் எழுதாமலே விட்டுவிடுவார்கள். `i` 6 ஆகி, நிபந்தனை பொய்யாகி, லூப் நிற்கும் அந்த வரிசை வெற்று வரிசை போலத் தெரிவதால் வரும் அவசரம் அது. ஆனால் அதை எழுதினால்தான், லூப்புக்குள் உள்ள வேலை ஐந்து முறை நடந்தது, நிபந்தனையோ ஆறு முறை சரிபார்க்கப்பட்டது என்பது தெரியும். லூப் எங்கே நிற்கிறது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் குடியிருக்கின்றன. `i < 6` என்பதற்குப் பதிலாக `i <= 6` என்று எழுதிவிட்டால், அந்த ஏழாவது வரிசையில் ஆம் என்று வந்து `price[6]` என்ன என்று கேட்க வேண்டியிருக்கும். பட்டியலில் அப்படி ஓர் இடமே இல்லை. அட்டை பட்டியலைத் தாண்டி வெறும் தாளில் போய் நிற்கும். பைத்தான் இந்த இடத்தில் `IndexError: list index out of range` என்று சொல்லி நின்றுவிடும். சி மொழியில் அந்தக் காவல் கிடையாது. அங்கே நினைவகத்தில் அடுத்தாற்போல் என்ன கிடக்கிறதோ அதையே ஒரு விலையாக எடுத்துக்கொண்டு நிரல் போய்விடக்கூடும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். பொத்தானைத் தட்டினால் விடை வரும்போது தாளில் ஏன் ஓட்ட வேண்டும்? நிரலில் `i < 6` என்பதை மட்டும் `i < 5` என்று மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரையில் 1200 என்றே வரும். விடை சரி. மாணவர் திருப்தியாக மூடி வைத்துவிடுவார். ஆனால் நிரல் தவறு. அட்டவணை போட்டால், `i` 5 ஆனதும் நிபந்தனை இல்லை என்று சொல்லி லூப் நின்றுவிடுவது தெரியும். விலைப் பத்தியை மேலிருந்து கீழாகப் படியுங்கள்: 700, 600, 700, 1200. முதல் விலையான 450 தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 800 எங்கே? ஆறாம் நாள் விலையை நிரல் தொடவே இல்லை. அன்று விலை 1500-க்குப் போயிருந்தாலும் இந்த நிரல் 1200 என்றுதான் அடித்துச் சொல்லியிருக்கும். திரை முடிவை மட்டும் காட்டுகிறது; அந்த முடிவுக்கு எந்த வழியாக வந்தோம் என்பதைத் தாள் காட்டுகிறது. தவறான வழியில் போய்ச் சரியான விடை கிடைப்பதுதான் கற்பவருக்கு மிக ஆபத்தானது, ஏனென்றால் அங்கே சந்தேகமே வராது.

இதிலிருந்து, டிரை ரன்னுக்கு எந்த எண்களை எடுத்துக்கொள்வது என்பதும் ஒரு கலைதான் என்று புரியும். பெரிய எண் பட்டியலின் நடுவில் இருந்தால் எந்தத் தவறும் மாட்டாமல் தப்பித்துவிடும். அதையே கடைசி இடத்தில் வையுங்கள். சீக்கிரம் நின்றுவிடும் லூப் உடனே மாட்டிக்கொள்ளும். முதல் இடத்தில் வையுங்கள். தொடக்க மதிப்பைத் தவறாக வைத்த நிரல் மாட்டிக்கொள்ளும். ஒரே ஒரு எண் மட்டுமே உள்ள பட்டியலையும் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அங்கே லூப்புக்குள் ஒருமுறைகூட நுழையக்கூடாது. தொடக்கத்தில் எழுதியதே விடையாக வர வேண்டும். இப்படிப் பட்டியலின் நீளம் மாறும்போது `while` வரியில் 6 என்ற எண்ணை அப்படியே விட முடியாது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் அங்கே `len(price)` என்று எழுதி, நீளத்தைப் பட்டியலிடமே கேட்டுக்கொள்கிறார்கள்.

தொடக்க மதிப்பைப் பற்றிச் சொன்னேன். கற்பவர்களில் பலரும் `big = price[0]` என்று எழுதாமல் `big = 0` என்று எழுதுகிறார்கள். `i = 0` என்று தொடங்கினால் பூ விலையில் இது ஒருபோதும் மாட்டாது, ஏனென்றால் எந்த விலையும் பூஜ்யத்தைவிடப் பெரியது. விலைக்குப் பதிலாக லடாக்கின் லே நகரத்தில் குளிர்கால இரவு வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். அங்கே ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே நன்றாக இறங்கிவிடும். நான்கு இரவுகளுக்கு −12, −7, −9, −15 என்று வைப்போம். இந்த நான்கில் அதிகமானது −7. `i = 0` என்று தொடங்கி ஓட்டிப் பாருங்கள். −12 > 0, இல்லை. −7 > 0, இல்லை. −9 > 0, இல்லை. −15 > 0, இல்லை. `big` பத்தியில் முதலில் எழுதிய 0 மட்டும் தனியாக நிற்கும்; அதன் கீழே எல்லாம் வெற்றுக் கட்டங்கள். நிரல் 0 என்று விடை சொல்லும். அப்படி ஓர் இரவு இருந்ததே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. `big` பத்தியில் எழுதிய ஒவ்வொரு எண்ணையும் தொட்டு, இது பட்டியலில் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். எங்கிருந்தும் வராத எண் ஒன்று அந்தப் பத்தியில் உட்கார்ந்திருந்தால், அதை நிரல் எழுதியவர் தானாகப் போட்டிருக்கிறார். அங்கேதான் பிழை இருக்கிறது. `price[0]`-இல் தொடங்கும்போது இந்தத் தொல்லை வருவதில்லை, ஏனென்றால் அது எப்போதும் பட்டியலுக்குள்ளிருந்தே வருகிறது. ஆனால் பட்டியலே காலியாக இருந்தால்? அப்போது `price[0]` என்று ஒன்று இல்லை. நிரல் இரண்டாவது வரியிலேயே நின்றுவிடும். காலிப் பட்டியலில் பெரிய எண் எது என்ற கேள்விக்கே அர்த்தமில்லை என்பதால், அதற்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக ஒரு தவறு. இதில் அட்டவணையின் பலம் மிகத் தெளிவாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பைத்தானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை உள்தள்ளல்தான் தீர்மானிக்கிறது. `i = i + 1` என்ற வரியை நான்கு இடைவெளி கூடுதலாகத் தள்ளிவிட்டால் நிரல் இப்படி ஆகிவிடும்:

```
while i < 6:
    if price[i] > big:
        big = price[i]
        i = i + 1
```

எழுதிப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் கண்ணில் படாது. ஓட்டினால் திரையில் ஒன்றுமே வராது. பிழைச் செய்தியும் இல்லை, விடையும் இல்லை. "சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு மேடம்" என்று பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வரும். கணினி ஹேங் ஆகவில்லை. முழு வேகத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தாளை எடுத்து ஓட்டிப் பார்த்தால் மூன்றே வரிசையில் விஷயம் வெளிவந்துவிடும்:

| `i` | `i < 6` | `price[i]` | `price[i] > big` | `big` |
|---|---|---|---|---|
| | | | | 450 |
| 1 | ஆம் | 700 | 700 > 450, ஆம் | 700 |
| 2 | ஆம் | 600 | 600 > 700, இல்லை | |
| 2 | ஆம் | 600 | 600 > 700, இல்லை | |

600 பெரியதில்லை என்பதால் `if`-க்குள் நுழையவில்லை. `i`-யைக் கூட்டும் வரியும் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. எனவே `i` 2-லேயே நிற்கிறது. மூன்றாவது சுற்று இரண்டாவதன் அச்சு அசல். இந்த நிரலில் மாறக்கூடியவை `i`, `big` என்ற இரண்டு மட்டுமே. வெளியிலிருந்து புதிதாக எதுவும் உள்ளே வருவதும் இல்லை. இரண்டும் மாறாமல் ஒரு சுற்று முடிந்தால் அடுத்த சுற்றும் அப்படியேதான் முடியும், அதற்கடுத்ததும் அப்படியேதான். அடுத்தடுத்த இரண்டு வரிசைகள் ஒன்றுபோல வந்தால் இந்த லூப் நிற்கவே நிற்காது என்று அங்கேயே முடிவு கட்டிப் பென்சிலைக் கீழே வைத்துவிடலாம். திரை முன் உட்கார்ந்து, இப்போது வரும், இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும் என்று காத்திருப்பவருக்கு இந்த உறுதி ஒருநாளும் கிடைக்காது.

இதே தவறான நிரலுக்கு 450, 600, 700, 800, 900, 1200 என்று ஏறுவரிசையில் கொடுத்தால் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடி 1200 என்று சொல்லிவிடும். ஒவ்வொரு எண்ணும் முந்தையதைவிடப் பெரியதாக இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் `if`-க்குள் நுழைந்து `i` கூடிக்கொண்டே போகிறது. சோதனைக்கு எண்கள் எழுதச் சொன்னால் 10, 20, 30, 40 என்று ஏறுவரிசையில் எழுதுவது நம் எல்லோருக்கும் கைப்பழக்கம். அந்தப் பழக்கம்தான் இந்தப் பிழையை ஒளித்து வைக்கிறது.

ஆனால் அட்டவணைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் கற்றுக்கொடுத்தது பாதிதான். நாம் போட்ட அட்டவணை அந்த ஆறு விலைகளுக்கு மட்டுமே சாட்சி. வேறு ஆறு எண்களுக்கு நிரல் சரியாக நடக்குமா என்று அது சொல்லாது. ஆயிரம் எண்களுக்கு யாரும் தாளில் ஓட்டிப் பார்க்கப் போவதும் இல்லை. இங்கே ஒரு படி மேலே ஏற வேண்டும். முதல் அட்டவணைக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு வரிசையிலும் `i`-யை எழுதியவுடன், மற்றக் கட்டங்களை நிரப்புவதற்கு முன்பு நிறுத்தி, அந்த நொடியில் `big`-இல் இருப்பது எது என்று வார்த்தையில் சொல்லிப் பாருங்கள்.

`i` 1 ஆகும்போது `big`-இல் 450. முதல் ஒரு விலையில் பெரியது. `i` 2 ஆகும்போது 700. முதல் இரண்டு விலைகளில் பெரியது. 4 ஆகும்போது 700. முதல் நான்கில் பெரியது. 5 ஆகும்போது 1200. முதல் ஐந்தில் பெரியது. எண்கள் மாறிக்கொண்டே போகின்றன, ஆனால் அவற்றைப் பற்றி நாம் சொல்லும் வாக்கியம் மாறவில்லை: முதல் `i` விலைகளில் பெரியது `big`-இல் இருக்கிறது. இப்படி ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் உண்மையாகவே இருக்கும் கூற்றை லூப் இன்வேரியன்ட் என்பார்கள். நிரல் சரியா என்பதை இத்தகைய கூற்றுகளை வைத்து நிரூபிக்கும் முறையை 1967-இல் ராபர்ட் ஃபிளாயிடும் 1969-இல் டோனி ஹோரும் கட்டுரைகளாக எழுதினார்கள்.

அந்த வாக்கியம் ஏன் ஒவ்வொரு சுற்றிலும் நிலைக்கிறது என்பதையும் அட்டவணையே காட்டுகிறது. முதல் நான்கில் பெரியது 700 என்று நமக்குத் தெரியும். ஐந்தாவதாக வருவது 1200. முதல் ஐந்தில் பெரியது ஒன்று அந்த 700 ஆக இருக்க வேண்டும், இல்லையென்றால் புதிதாக வந்தது. மூன்றாவது ஆள் யாரும் அங்கே இல்லை. `if` வரி செய்வது இந்த இருவரில் ஒருவரைத் தேர்வதுதான். எந்த எண்கள் வந்தாலும், எத்தனை வந்தாலும் இந்த வாதம் செல்லும். கடைசியில் `i` 6 ஆகி லூப் நிற்கும்போது, அந்த வாக்கியத்தில் 6-ஐப் போட்டால், முதல் ஆறு விலைகளில் பெரியது `big`-இல் இருக்கிறது என்று வரும். நமக்கு வேண்டியது அதுதான். `i < 5` என்ற தவறான நிரலில் லூப் `i` 5 ஆனதும் நிற்கிறது. அங்கே நமக்குக் கிடைப்பது முதல் ஐந்தில் பெரியது மட்டுமே. 1200 என்று சரியாக வந்த விடை தற்செயல் என்பதை இந்த ஒரே வாக்கியம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

மாறினால் மட்டும் எழுதச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அப்படிப் போட்ட அட்டவணையில் `big` பத்தியைப் பார்த்தால் தொடக்க மதிப்புக்குப் பிறகு இரண்டே முறைதான் எழுதியிருக்கிறோம்: 700, 1200. ஒப்பீடுகள் ஐந்து; மாற்றங்கள் இரண்டு. ஒப்பீடுகளின் எண்ணிக்கை எப்போதும் பட்டியலின் நீளத்தைவிட ஒன்று குறைவாக இருக்கும். அதில் எந்தச் சந்தேகமும் இல்லை. மாற்றங்கள் எத்தனை வரும்? இந்தச் சின்னக் கேள்வியை டொனால்ட் நூத் மிகவும் பொருட்படுத்தி எடுத்துக்கொண்டார். 1968-இல் வெளிவந்த அவருடைய 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலின் முதல் தொகுதியில், ஓர் அல்காரிதத்தை எப்படி அளந்து ஆராய்வது என்று காட்ட அவர் எடுத்துக்கொண்ட முதன்மையான எடுத்துக்காட்டே பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் இந்த அல்காரிதம்தான். அவர் பட்டியலின் கடைசியிலிருந்து முன்னோக்கி வருகிறார், கணக்கு ஒன்றுதான்.

இதைத் தாளிலேயே செய்து பார்க்கலாம். 1, 2, 3 என்ற மூன்று எண்களை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஆறுக்கும் சின்னச் சின்ன அட்டவணைகள் போட்டு, `big` எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுங்கள். 1, 2, 3 என்ற வரிசையில் இரண்டு முறை மாறும். 1, 3, 2 என்றால் ஒருமுறை. 2, 1, 3 என்றாலும் ஒருமுறை. 2, 3, 1 என்றாலும் ஒருமுறை. 3-இல் தொடங்கும் இரண்டு வரிசைகளிலும் மாற்றமே இல்லை. ஆறிலும் சேர்த்து ஐந்து மாற்றங்கள். சராசரி ஆறில் ஐந்து பங்கு.

இந்த ஆறில் ஐந்து எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்கலாம். இரண்டாவதாக வரும் எண் முதலாவதைவிடப் பெரியதாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. மூன்றாவதாக வருவது மூன்றிலும் பெரியதாக இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஆறில் ஐந்து. எண்கள் எல்லாம் வெவ்வேறாக இருந்து, வரிசை ஒழுங்கில்லாமல் கலைந்திருந்தால், நீளமான பட்டியலுக்கும் இதையே நீட்டிக்கொண்டு போகலாம். ஆறு எண்களுக்கு 1/2 + 1/3 + 1/4 + 1/5 + 1/6, அதாவது 1.45. ஆயிரம் எண்களுக்குச் சராசரியாக ஆறரை மாற்றங்கள்தான். பத்து லட்சம் எண்களுக்கு 9,99,999 ஒப்பீடுகள் நடக்கும். `big` பத்தியில் எழுத வேண்டியிருப்பது சராசரியாகச் சுமார் 13 முறை. அதே பத்து லட்சமும் ஏறுவரிசையில் வந்தால் ஒவ்வொரு வரிசையிலும் எழுத வேண்டும். இறங்குவரிசையில் வந்தால் முதலில் எழுதியதோடு சரி.